தாத்தாவின் சைக்கிள் சுமந்தவை

"உங்கள் தாத்தாவின் சைக்கிள் உங்கள் குடும்பத்துக்காக எதைச் சுமந்தது?"

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், அறுவடை முடிந்ததும் 60 கிலோ நெல் மூட்டையைக் கேரியரில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஏறி மிதிக்காமல், ஹாண்டில்பாரை ஒரு கையாலும் மூட்டையை மறு கையாலும் பிடித்தபடி அரவை மில் வரை தாத்தா தள்ளிக்கொண்டே போவார். அதே கேரியரில்தான், என் சித்தப்பா பிறப்பதற்கு முந்தைய இரவு, தலையணையை மடித்துப் போட்டு அப்பாயியை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டைனமோ விளக்கு சைக்கிள் ஓடினால்தான் எரியும் என்பதால், மேட்டில் தள்ளிய இடங்களிலெல்லாம் இருட்டு என்று அப்பாயி இன்றும் சொல்வார்.

இவ்வளவு பாரத்தையும் தாங்கியது பின்சக்கரம். முன்சக்கரத்தில் 32 கம்பிகள் இருக்க, பின்சக்கரத்தில் 40 இருப்பதற்குக் காரணமும் அதுவே. ஒரு கம்பி அறுந்தாலும் ரிம் ஒரு பக்கமாக வளைந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் கட்டையை உரசும். அந்தச் சத்தம் கேட்டதுமே தாத்தா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, புதுக் கம்பி கோத்து, நிப்பிளைக் கால் திருகு கால் திருகாக முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடுவார். ஒரேயடியாக முறுக்கினால் கோட்டம் மறுபக்கம் போய்விடும் என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

சென்ற மாதம் என் மகள் அதில் குரங்குப் பெடல் போடத் தொடங்கினாள். பின்சக்கரத்துக்கு நான்தான் கோட்டம் எடுத்துக் கொடுத்தேன்.