அவரோகணம் யார் வீட்டுச் சொத்து?

அந்த எட்டு நொடி வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, உங்க ஊர்ப் பையன் மாட்டிக்கிட்டான்" என்று சிரிப்பு பொம்மை வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்து நாலு வருஷமாகக் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று கச்சேரி மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறேன். அந்தத் தம்பியை அவன் பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே தெரியும். தேர்த் திருவிழாவுக்காக அவன் போட்ட பாட்டின் முகப்பு இசையையும் ஒரு சினிமாப் பாட்டின் முகப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "அட்டக் காப்பி" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. வீடியோ போட்டவர் தம்பியின் பாட்டை ஒன்றரைக் கட்டை ஏற்றியிருக்கிறார், வேகத்தையும் கூட்டியிருக்கிறார். அதை எங்கேயும் சொல்லவில்லை. இரண்டையும் இழுத்துப் பிடித்துப் பொருத்திவிட்டு, பொருந்துகிறது பார் என்றால் என்ன செய்வது?

சரி, பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். எது பொருந்துகிறது? இரண்டும் கம்பீர நாட்டை. ச க ம ப நி, ஐந்தே ஸ்வரம். மேல் ஷட்ஜத்திலிருந்து ச நி ப ம க ச என்று இறங்குகிறது. அது அந்த ராகத்தின் அவரோகணம். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டு வளர்ந்த எவன் கையிலும் அது தானாக வரும். ஒற்றுமை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பொதுச்சொத்தைக் கழித்த பிறகு என்ன ஒற்றுமை மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

இது நானாகச் சொல்வதில்லை. லெட் செப்பலின் என்ற ராக் குழு மேல் அமெரிக்காவில் நடந்த வழக்கைப் பாருங்கள். 1971இல் வந்த அவர்களுடைய 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் கிட்டார் முகப்பு, ஸ்பிரிட் என்ற குழு 1968இல் வெளியிட்ட 'டாரஸ்' என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்தது என்று 2014இல் வழக்குப் போட்டார்கள். 'டாரஸ்' போட்ட ராண்டி கலிஃபோர்னியா 1997இலேயே இறந்துவிட்டார். அவர் பேரில் இருந்த அறக்கட்டளைதான் வழக்கை நடத்தியது. இரண்டிலும் ஏ மைனரில், ஒவ்வொரு அரை ஸ்வரமாகக் கீழே இறங்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது நானும் "அடப்பாவி" என்றுதான் சொன்னேன்.

2016இல் ஜூரி சொன்னது இரண்டு விஷயம். லெட் செப்பலின் அந்த இசையைக் கேட்டிருக்க வாய்ப்பு இருந்தது, ஆம். ஆனாலும் சட்டம் கேட்கிற அளவுக்கு ஒற்றுமை இல்லை. அங்கே இரண்டு படி வைத்திருக்கிறார்கள். முதலில் இசை நிபுணர்கள் பிரித்துப் போட்டு, எது எல்லாருக்கும் பொது, எது இவருடையது என்று பார்க்கவேண்டும். அதைத் தாண்டினால்தான் சாதாரணக் காது என்ன சொல்கிறது என்ற பேச்சு. அரை ஸ்வரமாக இறங்கும் வரிசை நூற்றாண்டுகளாகப் புழங்குவது, அது ஒருவருக்குச் சொந்தமாகாது. வழக்கு முதல் படியிலேயே நின்றுவிட்டது. நடுவில் 2018இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2020 மார்ச்சில் பதினோரு நீதிபதிகள் உட்கார்ந்து, ஜூரி சொன்னதே சரி என்றார்கள்.

அதே தீர்ப்பில் ஒரு பழைய விதியையும் தூக்கிப் போட்டார்கள். மூலத்தைக் கேட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த ஒற்றுமை இருந்தாலும் திருட்டு என்று சொல்லலாம் என்ற விதி அது. இன்றைக்கு யாரும் எதையும் போனில் கேட்கலாம். அந்த விதி நின்றால், பிரபலமான பாட்டுக்குச் சொந்தக்காரன் யார் மேல் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். "அந்தப் படத்தைப் பார்த்துத்தானே பையன் வளர்ந்தான்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் இதைப் படிக்கவேண்டும். கேட்டான் என்பது ஒன்று, எடுத்தான் என்பது வேறு.

"உனக்குச் சட்டம் என்ன தெரியும்" என்று வரப்போகிறவர்களுக்கு: நான் வக்கீல் இல்லை. படித்ததைச் சொல்கிறேன். "காதால் கேட்டாலே தெரியுதே" என்பவர்களுக்கு: காதுக்கு மதிப்பு உண்டு. தன் நாடகத்தைக் காப்பியடித்துப் படம் எடுத்தார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்கில் 1978இல் நம் உச்ச நீதிமன்றமே, இரண்டையும் பார்த்த சாதாரண மனிதருக்கு இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்று கேட்டது. கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

"அப்போ ராகம் பொதுன்னு சொல்லி எல்லாரும் எடுத்துக்கலாமா?" இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த சினிமா முகப்பில் அந்த இசையமைப்பாளருக்கே உரியது ஒன்று இருக்கிறது. இறங்கி வரும்போது மத்திமத்தில் அரை அட்சரம் நின்று, தாளத்தை விட்டுவிட்டு, காந்தாரத்தைத் தட்டாமல் ஷட்ஜத்தில் விழுகிறது. அந்த நிறுத்தமும் அந்த விழுகையும் சேர்ந்து அவருடையவை. தம்பி அதை எடுத்திருந்தால் நானே முதல் ஆளாக அவனைத் திட்டியிருப்பேன். நாலு தடவை ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அவன் நிற்கவில்லை, காந்தாரத்தில் ஆடிவிட்டு இறங்குகிறான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். என் அப்பா நாயனம் வாசித்தவர். மல்லாரியில் மூன்றாம் காலம் வரும்போது ஒரு அட்சரத்தை வெறுமையாக விட்டு, கீழ் நிஷாதத்திலிருந்து எழும்பிப் பிடிப்பார். தவில்காரர் அந்த வெறுமையில் கை வைக்காமல் காத்திருப்பார். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டு கேசட் போட்டது. சில வருஷம் கழித்து ஒரு டிவி விளம்பரத்தில் அந்த வெறுமையும் அந்த எழும்பலும் அப்படியே வந்தன. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டு, "நம்மளுதுடா" என்றார். அவ்வளவுதான்.

வக்கீல் மாமா ஒருவரிடம் போனேன். "உங்கப்பா வாசிச்சார்னு கேசட் காட்டும். உண்டாக்கினது அவர்தான்னு எதை வெச்சுக் காட்டுவ?" என்று கேட்டார். அப்போது அவர் மேல் கோபம் வந்தது. போன வருஷம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதே கேள்வியைப் பார்த்தேன். தாகர் என்ற இந்துஸ்தானி இசைக் குடும்பத்தின் 'சிவ ஸ்துதி'யை 'பொன்னியின் செல்வன் 2' பாட்டில் எடுத்துவிட்டார்கள் என்ற வழக்கு அது. 2025 ஏப்ரலில் தனி நீதிபதி, ராகம் பொது, ஆனால் அதில் கட்டிய உருப்படிக்கு உரிமை உண்டு என்று சொல்லி தாகர் குடும்பத்துக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு கொடுத்தார். செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அதை நீக்கியது. பாடியவர் என்பதாலேயே இயற்றியவர் ஆகிவிட முடியாது என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு நெஞ்சில் இறங்கவில்லை.

நம் சட்டத்தில் இசையை எழுதிவைத்திருக்க வேண்டிய கட்டாயம் 1994 திருத்தத்தோடு போய்விட்டது. லெட் செப்பலின் வழக்கில் 1967இல் பதிவுக்குக் கொடுத்த ஒரே ஒரு பக்க நொட்டேஷனைத்தான் ஒப்பிட்டார்கள், இசைத்தட்டை அல்ல. நமக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் யார் உண்டாக்கினது என்று வரும்போது, காகிதமே இல்லாத நாயனக்காரன் எதைக் காட்டுவான்? நிஜமாகவே எடுத்தவனை யாரும் கேட்கவில்லை. அவரோகணம் வாசித்த பையனைப் பதினோரு பேர் எனக்கு அனுப்புகிறீர்கள்.

தம்பி, ராத்திரி பாட்டை நீக்கிவிட்டாயாமே, உங்கம்மா போனில் அழுதார்கள். திரும்பப் போடு. ராகத்தின் பேரையும் கீழே எழுது. சண்டைக்கு வருகிறவர்களை என்னிடம் அனுப்பு, ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.