எல்லோரும் சிரித்தார்கள் என்பது சான்று ஆகாது

ஓர் அலுவலகக் குழுக் கூட்டத்தில் நடந்த கேலியைப் பற்றி முன்பு ஒரு பதிவு எழுதியிருந்தேன்; அதைப் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டார். "இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தீர்களா?" என்றார் குழுத் தலைவர். அறை சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். அந்தப் பதிவின் கீழ் வந்த பின்னூட்டங்களில் பெரும்பாலானவை ஒரே வாதத்தைத்தான் வைத்தன: எல்லோரும் சிரித்தார்கள், அவரே சிரித்தார், உங்களுக்கு மட்டும் என்ன வலிக்கிறது?

எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அது இருக்கட்டும், அந்தச் சிரிப்பு எதையும் நிரூபிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சுக்கு நடுவே எழும் சிரிப்பை நேரடியாகக் கவனித்துப் பதிவுசெய்த ராபர்ட் புரொவைன் என்ற ஆய்வாளர், சிரிப்புக்கு முன்னால் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை நகைச்சுவையே அல்ல, சாதாரணப் பேச்சுதான் என்று கண்டார். நாம் வேடிக்கைக்காகச் சிரிப்பதைவிட, எதிரில் இருப்பவரோடு ஒத்துப்போவதற்காகவே அதிகம் சிரிக்கிறோம். அப்படியிருக்க, மேலதிகாரி சொன்னதற்குக் கீழே வேலை செய்பவர்கள் சிரித்ததை மட்டும் எந்தத் துணிவில் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள்?

நகைச்சுவை எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ராட் மார்ட்டின் என்ற கனடிய உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2003-ஆம் ஆண்டு 32 கூற்றுகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டு, மனிதர்கள் நகைச்சுவையைப் பயன்படுத்தும் விதத்தை நான்காகப் பிரித்தார்கள். எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது, தனக்குத் தெம்பு தருவது, பிறரைத் தாக்குவது, பிறர் சிரிப்பதற்காகத் தன்னையே தாழ்த்திக்கொள்வது என்பவையே அவை. ஒருவர் திரையில் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "நம் எல்லோரையும் போல இதுவும் ஓய்வு கேட்கிறது" என்றால் அந்த அறை முழுவதும் ஒரே பக்கம் நிற்கிறது. "இவர் தொட்டாலே கணினிகூட வேலையை விட்டுப் போய்விடுகிறது" என்றால் ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார். "என்னை நம்பிக் கொடுத்தீர்களே, உங்களைச் சொல்ல வேண்டும்" என்று அவரே சொன்னால், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள் தன்னைத் தானே அடித்துக்கொள்கிறார். மனத்துக்குள், "இந்தக் கூத்தும் நடக்க வேண்டியதுதான்" என்று லேசாகப் புன்னகைத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் அது அவருக்கான தெம்பு. நான்கிலும் சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

தாக்கும் வகையை அளப்பதற்கு அந்த வினாப்பட்டியலில் இருக்கும் கூற்றுகளில் ஒன்று, யாராவது தவறு செய்தால் நான் அடிக்கடி அதை வைத்துக் கேலி செய்வேன் என்ற பொருளில் அமைந்தது. நம் அலுவலகங்களில் இதற்கு 'ஜாலியான ஆள்' என்று பெயர். இந்த வகை நகைச்சுவையைக் கையாள்பவருடைய மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதனோடு பெரிய தொடர்பு இல்லை என்றே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. அதாவது அவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார். அவர் செய்யும் செலவு இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது.

பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத்தான் யாருமே பேசவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜேன்ஸ், ஓல்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பிறரை ஏளனம் செய்யும் நகைச்சுவைக் காணொளியைச் சிலருக்குக் காட்டினார்கள். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் காணொளியை வேறு சிலருக்கும், யாரையும் கேலி செய்யாத ஒன்றை மற்றவர்களுக்கும் காட்டினார்கள். பிறர் ஏளனம் செய்யப்படுவதைப் பார்த்தவர்கள், அதன் பிறகு மற்றவர்களின் கருத்தோடு அதிகம் ஒத்துப்போனார்கள். தோற்றுவிடுவோமோ என்றும் அதிகம் அஞ்சினார்கள். கேலி செய்யப்பட்டவர் அவர்களுக்கு யாரோ ஒருவர்; இருந்தும் அடுத்தது தாங்களாக இருக்கக்கூடாது என்று உடனே அடங்கிப்போனார்கள். ஒரு குழுவில் இது நடந்துவிட்டதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கூட்டத்தில் கேள்விகள் குறைந்து, கூட்டம் முடிந்த பிறகு தனிச்செய்தியாக வரத் தொடங்கும். "இது முட்டாள்தனமாகத் தோன்றலாம், ஆனாலும்" என்ற முன்னுரை இல்லாமல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பிழைகள் தாமதமாகவே வெளியே வரும். இவ்வளவுக்கும் நடுவே, அந்தக் குழு நன்றாகச் சிரித்துக்கொண்டும் இருக்கும்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். தனியாக இருக்கும்போது அவனைப் போல அன்பாகப் பேசுபவர் கிடையாது. மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், நான் மெதுவாகப் பேசுவதை அவன் நடித்துக் காட்டுவான். பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கண்ணை மூடித் தூங்குவது போலச் சாய்வான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? பிறகு அவன் இருக்கும் இடத்தில் சுருக்கமாகப் பேசினேன், பிறகு பேசவே இல்லை, பிறகு போகவும் இல்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. நான் ஏன் விலகினேன் என்று அவன் இன்றுவரை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். கேலி செய்பவருக்குத் தன் நோக்கம் நல்லது என்று தெரியும். கேட்பவருக்குக் கிடைப்பதோ அந்தச் சொல் மட்டும்தான்.

நெருங்கிய நண்பர்கள் கிண்டல் செய்துகொள்வதில்லையா என்று கேட்கிறீர்கள். செய்துகொள்கிறார்கள், அது நட்பை இறுக்கவும் செய்கிறது என்பதை மறுக்கவில்லை. அங்கே திருப்பிக் கொடுக்க முடியும், போதும் என்றால் நிற்கும். குழுத் தலைவருக்கு அந்தப் புதியவர் திருப்பிக் கொடுத்திருக்க முடியுமா? இனி யாரும் நகைச்சுவையே பேசக்கூடாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மேலே சொன்ன நான்கில் தாக்குவது போக மூன்று வகை மிச்சம் இருக்கின்றன.

என்னை உண்மையிலேயே புண்படுத்தியது வேறொரு அறிவுரை: "அவர்தான் லேசாக எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும்." துன்பத்தை நகைச்சுவையோடு பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் பதற்றமும் சோர்வும் குறைவாகக் காணப்படுகின்றன என்பது உண்மைதான், எது எதனால் வந்தது என்பதை அந்த ஆய்வுகள் சொல்லிவிடாவிட்டாலும். ஆனால் அது ஒருவர் தனக்காகத் தானே எடுத்துக்கொள்ளும் துணை. அடித்தவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து, அடிபட்டவருக்கு அதை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுப்பதற்கு என்ன உரிமை இருக்கிறது?

வலித்தது என்றால் அந்தப் புதியவரே ஏன் சொல்லவில்லை என்றும் சிலர் கேட்டார்கள். அந்த அறையில் சொல்லியிருந்தால், "அடடா, கோபம் வந்துவிட்டதா?" என்று இரண்டாவது சிரிப்பு எழுந்திருக்கும் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

குழுத் தலைவர் அவரைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்துவிட்டதாக நேற்று ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பி, இந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடச் சொன்னார். வருத்தம் தெரிவித்தது நல்லதுதான். ஆனால் கேலி எல்லோர் முன்னாலும் நடந்தது. அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டவர்களில் ஒருவர்கூட அந்த வருத்தத்தைக் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில், அதே ஆட்கள் முன்னிலையில், "அன்று நான் சொன்னது தவறு, அந்தக் கேள்வி சரியான கேள்வி" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்கு அவர் இன்னும் தராத பதிலையும் தரட்டும்.