பன்னிரண்டு ரீல்ஸ், நாற்பது நிமிடம், அதன் பிறகு தடை

பண்டிகைக் காலம் நெருங்கினால் பேஸ்புக்கில் விற்பனைப் பேஜ் வைத்திருப்பவர்களிடம் ஒரு புலம்பல் கிளம்பும். "யாரோ ரிப்போர்ட் அடிச்சுட்டாங்க, போஸ்ட் போட முடியல." ரிப்போர்ட் செய்ய ஆள் இல்லாமலே இது நடக்கும் என்பதுதான் விஷயம். You're Temporarily Blocked என்ற அறிவிப்போடு, இந்த வசதியை மிக வேகமாகப் பயன்படுத்தினீர்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், காரணத்தை அவர்களே சொல்லிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் இதே சங்கதி Try Again Later என்று வரும். போட்ட சரக்கைப் பற்றி அதில் புகாரே இல்லை. போட்ட வேகம்தான் சிக்கல்.

இரண்டையும் நடத்தும் மெட்டாவின் ஸ்பேம் விதியில், மிக அதிக எண்ணிக்கையில் போஸ்ட் போடுவதும் ஷேர் செய்வதும் கூடாது என்று இருக்கிறது. கையால் செய்தாலும் சரி, மென்பொருள் வைத்துச் செய்தாலும் சரி. "நான் ரோபோ இல்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் எத்தனை போட்டால் அதிகம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எக்ஸ் தளம் நாளுக்கு இத்தனை போஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. பேஸ்புக்கில் சாதாரணப் பயனருக்கு அப்படி ஓர் எண் கிடையாது. எண்ணைச் சொன்னால் ஸ்பேம் கும்பல் அதற்கு ஒன்று குறைவாகப் போட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் மறைப்பதில் நியாயம் இருக்கிறது. அவதிப்படுவது என்னவோ சிறு வியாபாரிதான்.

ஓரளவு கைகொடுக்கும் எண் ஒன்று உண்டு. வெளி மென்பொருள் வழியாகப் பேஜில் ரீல்ஸ் ஏற்றுபவர்களுக்கான தொழில்நுட்பக் குறிப்பில், 24 மணி நேரத்துக்கு 30 என்ற வரம்பு இருக்கிறது. இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் புதிதாகத் தொடங்குவதில்லை. நேற்று இரவு 9 மணிக்குப் போட்டது இன்று இரவு 9 மணிக்குத்தான் கணக்கிலிருந்து கழியும். பன்னிரண்டு மணி அடித்ததும் கணக்கு பூஜ்யமாகிவிடும் என்று நம்பி, இரவு 11.30க்கு ஒரு கட்டும் 12.10க்கு ஒரு கட்டும் போடுபவர்கள் மாட்டுவது இப்படித்தான். 30 என்பதையும் உச்சவரம்பாகப் பாருங்கள். அவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் போடலாம் என்பதற்கான அனுமதி அது இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளம்பிள்ளையில் ஒரு சேலை வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 12 சேலைக்கு 12 ரீல்ஸ் எடுக்கிறார். இரவு நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒவ்வொன்றையும் எட்டு விற்பனை குரூப்களில் ஷேர் செய்கிறார். "12தானே போட்டேன்" என்பார். உண்மையில் 12 போஸ்ட், 96 ஷேர், ஆக 108 செயல். சராசரியாக 22 நொடிக்கு ஒன்று. அத்தனையிலும் ஒரே வாசகம், ஒரே ஹேஷ்டேக், அதே வாட்ஸ்அப் லிங்க். வேகமும் ஒரே மாதிரித் தன்மையும் சேர்ந்து வந்தால் அது ஸ்பேம் ஆளின் நடத்தையிலிருந்து பிரித்தறிய முடியாததாகிவிடுகிறது. என் கணிப்பில் இங்கே குற்றவாளி ரீல்ஸ் கூட இல்லை, அந்த 96 ஷேர்தான்.

நெட் மெதுவாக இருந்தால் இன்னொரு வம்பு. ரீல் பாதி ஏறி நிற்கும், மறுபடி பட்டனைத் தட்டுவார். சில நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரே ரீல் இரண்டு முறை ஏறியிருக்கும். அதை அழிப்பதால் போட்ட வேகம் போடாததாக ஆகிவிடாது. மறுபடி தட்டுவதற்கு முன் முதலில் போட்டது ஏறி முடிகிறதா என்று பத்து நிமிடம் விட்டுப் பார்ப்பது நல்லது.

தடை வந்துவிட்டால் முதலில் எந்த வசதி நின்றிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குரூப் ஷேர் மட்டும் நின்றிருக்கும், கமெண்டும் மெசேஜும் வேலை செய்யும். குரூப் ஷேரைச் சொந்தக் கணக்கிலிருந்து செய்திருந்தால் தடையும் அந்தக் கணக்கின் மேல்தான், பேஜ் மேல் அல்ல. பிறகு Support Inbox பகுதியையும் Account Status பகுதியையும் திறந்து பாருங்கள். குறிப்பிட்ட ஒரு போஸ்ட் விதியை மீறியதாக அங்கே காட்டினால் அது வேறு வழக்கு. மேல்முறையீடு செய்ய வேண்டியது அதற்கு. அங்கே ஒன்றும் இல்லையென்றால் வேகத் தடைதான், காத்திருப்பதே மருந்து. சில மணி நேரத்திலும் விலகலாம், சில நாட்களும் ஆகலாம்.

காத்திருப்பது என்றால் உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. அரை மணிக்கு ஒருமுறை "விட்டதா" என்று போட்டுப் பார்ப்பதும், மனைவியின் போனில் புதுக் கணக்கு திறந்து அதே ரீல்ஸை ஏற்றுவதும், விபிஎன் மாட்டுவதும் சந்தேகத்தைக் கூட்டும் வேலைகள். ஆட்டோ போஸ்டிங் ஆப் எதற்காவது அனுமதி கொடுத்திருந்தால் அதை நீக்குங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்திருக்கும்.

அதே 12 ரீல்ஸை அந்த வியாபாரி எப்படிப் போட்டிருக்கலாம்? முதல் கேள்வி, 12 தேவையா என்பதே. ஒரே ரகம், நான்கு நிறம் என்றால் நான்கையும் ஒரே ரீலில் காட்டலாம். மீதியைப் படத் தொகுப்பாக ஒரே போஸ்டில் வைக்கலாம். பன்னிரண்டு ஆறாகிவிடும். அந்த ஆறை நாளுக்கு இரண்டாக மூன்று நாளில் போடலாம், காலையில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. மெட்டா பிசினஸ் சூட்டில் ஷெட்யூல் செய்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். ரீல்ஸைப் பொறுத்தவரை இதில் இழப்பும் இல்லை. ஒரு நல்ல ரீல் போட்ட நாளோடு அடங்காமல் பின்தொடராதவர்களுக்கும் பல நாள் போய்க்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்குள் எல்லாம் ஏறியாக வேண்டும் என்ற அவசரம் யாருக்காக என்று எனக்குப் புரிவதில்லை.

குரூப் ஷேரைத்தான் அதிகம் குறைக்க வேண்டும். ஒரு ரீலுக்கு இரண்டு மூன்று குரூப் போதும், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேர இடைவெளி விட்டு, அந்தக் குரூப்புக்கு ஏற்றபடி முதல் வரியை மாற்றி எழுதி. திருமணப் பட்டு வாங்குவோர் குரூப்பிலும் மொத்த வியாபாரிகள் குரூப்பிலும் ஒரே வரி எப்படிப் பொருந்தும்? இந்த எண்கள் என் அனுமானம், மெட்டா தந்தவை அல்ல. புதிதாகத் தொடங்கிய கணக்கு என்றால் இதிலும் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்த் திருவிழா, கால்பந்துப் போட்டி மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் சொல்ல வேண்டியவர்கள் தனித்தனி போஸ்டாகப் போடாமல், ஒரே போஸ்டைத் திருத்தித் திருத்தி மேலே புதுச் செய்தியைச் சேர்க்கலாம். இல்லையென்றால் லைவ் போய்விடலாம்.

தடை நேரத்தில் பலர் கவனிக்காத ஒன்று, ஏற்கெனவே ஷெட்யூல் செய்து வைத்த போஸ்ட்கள். அவை குறித்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்பப் பார்க்கும். எல்லாவற்றையும் பிசினஸ் சூட்டின் பிளானரில் திறந்து தேதியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். தடை விலகியதும் குரூப் ஷேர் இல்லாமல் பேஜில் ஒரே ஒரு போஸ்ட், மறுநாள் இன்னொன்று. அது சிக்கலில்லாமல் போனால் தள்ளி வைத்ததை நாளுக்கு இரண்டாக விடலாம்.