ஒரு ‘எஸ்’ஸுக்கு இவ்வளவு ஆட்டமா?

நேற்று ஆபீஸ் மெயிலில் நடந்த ரிப்ளை ஆல் கூத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத பெண். ‘தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ் ஆர் ஃப்ரம் தி ஃபீட்பேக்ஸ் ஆஃப் ஆல் ஸ்டாஃப்ஸ்’ என்று எழுதிவிட்டாள். தப்புதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நம்ம மேதை அதைச் சிவப்பு எழுத்தில் திருத்தி நாற்பது பேருக்கும் அனுப்புகிறார். அதுவும் எப்படி? மூன்று ‘எஸ்’ஸையும் பிடுங்கிவிட்டு, ‘தீஸ் இன்ஃபர்மேஷன் ஆர்’ என்று விட்டுவிட்டார்! ஐயா, ‘எஸ்’ போனால் ‘தீஸ்’ ‘திஸ்’ ஆகணும், ‘ஆர்’ ‘இஸ்’ ஆகணும். பல்லைப் பிடுங்கியவர் ரத்தத்தைத் துடைக்க மறந்துட்டார்.

திருத்துங்கள். தனியாகத் திருத்துங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அவள் சோம்பேறித்தனத்தில் எழுதவில்லை. நமக்குத் தகவல்கள் உண்டு, கருத்துகள் உண்டு, ஆலோசனைகள், ஊழியர்கள் உண்டு. அந்தக் ‘கள்’தான் அங்கே ‘எஸ்’ ஆகிறது. தண்ணீருக்கு நாம் ‘கள்’ போடுவதில்லை, இரண்டு டம்ளர் என்கிறோம். இங்கிலீஷ்காரனுக்கு இன்ஃபர்மேஷனும் அட்வைஸும் அப்படித்தான். எண்ணியே ஆகணும் என்றால் ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. ஃபீட்பேக்ஸுக்குப் பதில் ‘கமெண்ட்ஸ்’, ஸ்டாஃப்ஸுக்குப் பதில் ‘ஸ்டாஃப் மெம்பர்ஸ்’. அவள் மேசைப் பக்கம் போய்ச் சொன்னால் இரண்டு நிமிஷம்.

“கிளையண்ட் பார்த்தால் மானம் போகாதா?” என்பீர்கள். அது உள்ளுக்குள் போன மெயில். மானத்தை நாற்பது பேர் முன்னால் வாங்கியது யார்?

“அப்போ தப்பாகவே எழுதட்டுமா?” முதலில் இருந்து படியுங்கள்.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, அக்கவுண்ட்ஸ் பிரிவு. ‘பேமெண்ட் அட்வைசஸ் அட்டாச்டு’ என்று எழுதினேன். பெரியவர் ஒருவர் பிரிண்ட் எடுத்து, அட்வைசஸைச் சுழித்து, “அட்வைஸுக்கு ஏதுடா ப்ளூரல்?” என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேமெண்ட் அட்வைஸ் என்பது பணம் அனுப்பியதைச் சொல்லும் சீட்டு. சீட்டை எண்ணலாம், அங்கே அட்வைசஸ் சரியான வார்த்தை. இது எனக்குத் தெரியவந்தபோது அவர் ரிட்டயர்டே ஆகிவிட்டார். சிரித்தவர்களை மட்டும் இன்னும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்வேன். அற்பத்தனம்தான், இருக்கட்டும்.

“நீ ரொம்பத்தான் உருகுகிறாய்” என்று ஒரு நண்பர். ஆமாம், உருகுகிறேன். உங்களை யாரும் சுழித்ததில்லை போலிருக்கிறது.

இன்று காலை அந்தப் பெண் மூன்று வரி மெயிலை அனுப்பும் முன் எனக்குக் காட்டினாள். இன்ஃபர்மேஷன் என்ற சொல்லே இல்லை, எல்லா இடத்திலும் ‘டீடெய்ல்ஸ்’. “அண்ணா, இதுக்கு எஸ் போடலாம்ல?” என்றாள்.