வாங்குபவர் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது

பெங்களூரு கம்பெனிக்குப் போடும் பில்லில் எந்த ஜிஎஸ்டி என்று ஒருவர் கேட்டதற்கு வந்த பதில் இது:

"வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 29-ல் தொடங்கினால் கர்நாடகம். நம்ம பில்லில் கண்ணை மூடிக்கொண்டு ஐஜிஎஸ்டி போடுங்க."

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் சரக்கு அனுப்பினால் இது சரி, நண்பரே. ஆனால் கேட்டவர் கோவையில் ஓட்டல் நடத்துகிறார். தங்கும் அறைக்குக் கட்டடம் இருக்கும் மாநிலம்தான் கணக்கு; ஐஜிஎஸ்டி சட்டம் பிரிவு 12(3) பாருங்கள். பெங்களூரு கம்பெனிக்கு 10,000 ரூபாய் அறை என்றாலும் அது தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனைதான்; 18% வரியை சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900 என்றுதான் பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு இல்லாவிட்டால் அந்தக் கம்பெனிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அதனால்தான் ஐஜிஎஸ்டி போடச் சொல்லி நெருக்குவார்கள். தயவுசெய்து இணங்காதீர்கள். ஐஜிஎஸ்டி போட்டுவிட்டால், அப்புறம் சரியான வரியை வட்டியில்லாமல் கட்டலாம்தான், ஆனால் முன்பு கட்டியதை ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டும்.

கல்யாண மண்டப வாடகைக்கும் இதே பிரிவுதான்.