ஸ்டாப் லாஸும் லோயர் சர்க்யூட்டும்: ஒரு திருத்தம்

ஒரு தம்பி எழுதியிருந்தார்: "ஸ்டாப் லாஸ் போட்டாச்சு, நட்டம் 4%க்கு மேல் போகாது. வால்யூமும் குறைவு, விற்கிறவர்கள் ஓய்ந்துவிட்டார்கள்."

தம்பி, இது இந்தியச் சின்னப் பங்குகளுக்குப் பொருந்தாது. சென்னையில் இருக்கும் என் மச்சானின் பங்கு 100 ரூபாயில் முடிந்தது, ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ வரம்பு 5%; அந்தக் கீழ் எல்லைதான் லோயர் சர்க்யூட். 96க்கு இறங்கினால் விற்கச் சொல்லி ஸ்டாப் போட்டிருந்தார். மறுநாள் திறந்ததே 95இல். ஸ்டாப் தூண்டப்பட்டு விற்பனை ஆர்டராக மாறியது. ஆனால் வாங்க ஆளில்லை. மாலையில் ஆர்டர் ரத்து. அடுத்த நாள் 90.25, அதற்கடுத்த நாள் சுமார் 85.74. வெள்ளவத்தையிலிருந்து போனில் அவருடைய திரையைப் பார்த்தேன்: வாங்கும் பக்கம் முழுக்க வெறுமை, விற்கும் பக்கம் லட்சக்கணக்கில்.

வால்யூம் குறைவது வாங்க ஆளில்லாததால்தான். சார்ட்டில் அன்றைய விலையைக் காட்டும் மெழுகுவர்த்தி ஒரு சின்னக் கோடாகத்தான் தெரியும், ஏனென்றால் திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் ஒரே விலை. அதை அமைதி என்று படிக்காதீர்கள்.

வரிசையில் முன்னால் நிற்கக் காலை 9 மணிக்கே ஆர்டர் போடுங்கள் என்று ஒரு அண்ணா சொன்னது பாதி சரி. ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டருக்கே முன்னுரிமை. ஆனால் முன்னால் நின்றாலும் வாங்குபவர் வர வேண்டுமே. மேல் எல்லையான அப்பர் சர்க்யூட்டில் வாங்க முடியாமல் மாட்டிய ஒரு அக்காவுக்கு இதே கதை தலைகீழாக: அங்கே விற்பவர் இல்லை.