தளம் பிறந்தது 2021-ல், கட்டுரை பிறந்தது 2013-லாம்!

கேமரா லென்ஸில் பிடித்த பூஞ்சையைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு நல்ல கட்டுரை. யாரோ ஒரு மனுஷன் லென்ஸைக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, எந்தத் திருகைத் தொடக்கூடாது என்பது வரை பொறுமையாக எழுதியிருக்கிறார். அவர் யாரென்று கண்டுபிடித்து, அவர் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது. இதற்கு என் ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் போச்சு.

தேடினால் அதே கட்டுரை, அதே படங்கள், அதே எழுத்துப்பிழை, வரிசையாகப் பல தளங்களில். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு 'ஆசிரியர்'. ஒருவர் பெயரே 'அட்மின்'. முதலில் வந்து நிற்பது நீலத் தலைப்புப் போட்ட ஒரு தளம். அங்கே வலது கிளிக் செய்தால் ஒரு பெட்டி குதிக்கிறது: 'இந்த உள்ளடக்கம் காப்புரிமைக்கு உட்பட்டது, நகலெடுக்காதீர்கள்.' அடேயப்பா! திருடிய பொருளுக்குப் பூட்டுப் போட்டு, வாசலில் காவலும் வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லோரும் சொல்கிற வழியிலேயே போவோம் என்று கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு வித்தியாசமான வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினேன். தலைப்பையும் முதல் வரியையும் மாற்றத்தான் இவர்களுக்குப் பொறுமை உண்டு, நடுப்பகுதியைத் தொடமாட்டார்கள். கடைசிப் பக்கத்தில், ஒரே மாதிரியான முடிவுகளை மறைத்துவிட்டோம், வேண்டுமானால் அவற்றையும் சேர்த்துத் தேடுங்கள் என்று ஒரு இணைப்பு வரும், அதை அழுத்தாமல் விட்டால் மூலக் கட்டுரையே அந்த மறைவில் கிடக்கலாம். அப்புறம் தேதி வடிகட்டி:

```
"அந்த நடுப்பகுதி வாக்கியம்" before:2015-01-01
```

வந்தது யார்? நீலத் தலைப்பு! மார்ச் 2013 என்று தேதி போட்டுக்கொண்டு, மீசையை முறுக்கியபடி. ஏனென்றால் கூகுள் அந்தத் தேதியைப் பெரும்பாலும் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை வைத்துத்தான் ஊகிக்கிறது. பக்கத்தின் மூல நிரலில் `datePublished` என்று ஒரு வரி இருக்கும், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் வெளியீட்டுத் தேதியைப் பத்து வருஷம் பின்னால் தள்ள ஒரு சின்னப் பெட்டியில் நான்கு எண்களை மாற்றினால் போதும். பிறந்த தேதியைத் தானே எழுதிக்கொள்கிறவனிடம் போய் வயதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் நாம்.

நீலத் தலைப்பின் டொமைன், அதாவது தள முகவரி, எப்போது பதிவானது என்று ஹூயிஸ் என்ற பதிவேட்டில் பார்த்தேன். 2021! 2013-ல் எழுதிய கட்டுரை, 2021-ல் பிறந்த தளம். பிடித்துவிட்டோம் என்று துள்ளினால், மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நிற்கிறார்: 'பழைய முகவரியிலிருந்து மாறி வந்திருக்கலாமே?' வரலாம்தான். இந்த வக்கீலுக்குப் பயந்துதான் அடுத்த வேலையே ஆரம்பித்தது.

இப்போது ஆதாரம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். நகலெடுப்பவன் தேதியை மாற்றுவான், பெயரை மாற்றுவான், ஆனால் தன் கண்ணில் படாததை மாற்ற மாட்டான். வேர்ட்பிரஸில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளம் ஒரு வரிசை எண் கொடுக்கும். பதிவை முதலில் சேமிக்கும்போது விழுகிற எண் அது, ஏறிக்கொண்டே போகும், தேதியைப் பின்னால் தள்ளினாலும் எண் அப்படியே இருக்கும். மூல நிரலைத் திறந்து `postid-` என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும் (வலது கிளிக்கைத் தடுத்தால் என்ன, `Ctrl+U` இருக்கிறதே). நீலத் தலைப்பின் 'மார்ச் 2013' கட்டுரைக்கு எண் 48211. அதன் அக்கம்பக்கத்து எண்களை அந்தத் தளத்திடமே கேட்கலாம்:

```
https://example.com/wp-json/wp/v2/posts/48205
```

சில தளங்கள் இந்த வாசலை மூடி வைத்திருக்கும். இவர்களுக்கு அந்த அக்கறை எல்லாம் ஏது? 48205-க்கு நவம்பர் 2022, முடி உதிர்வதைத் தடுக்கும் வழி. 48219-க்கும் நவம்பர் 2022, ராசிபலன். நடுவில் 48211 மட்டும் மார்ச் 2013! இரண்டு பக்கமும் 2022 நிற்கும்போது நடுவில் ஒருத்தர் மட்டும் ஒன்பது வருஷம் முன்னால் பிறந்தாராம். தளம் மொத்தமாக இடம் மாறி வந்திருந்தால் பழைய கட்டுரைகள் எல்லாம் கும்பலாகப் புது எண்களில் இருக்கும், அக்கம்பக்கமும் 2013-ஆகவே இருந்திருக்கும். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

திருடன் யாரென்று தெரிந்தது. உரிமையாளர் யார்? இங்கே படங்கள் உதவின. வேர்ட்பிரஸில் படத்தின் முகவரியில் `uploads/2015/08` என்று வருஷமும் மாதமும் இருக்கும். அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது, பதிவின் தேதியை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் படம் ஏற்றினால் கோப்புறையும் அந்தப் பொய்த் தேதியிலேயே உருவாகிவிடும். ஆனால் கோப்பின் பெயர் பொய் சொல்லத் தெரியாதது. நீலத் தலைப்பில் இருந்த படத்தின் பெயரைப் பாருங்கள்: `lens-3-1024x768-300x225.jpg`. படம் ஏற்றும்போது வேர்ட்பிரஸ் சிறிய அளவுகளை உருவாக்கிப் பெயரின் வாலில் அளவை ஒட்டும். இரண்டு வால் இருக்கிறதென்றால், ஏற்கெனவே வேறொரு தளம் சுருக்கிய படத்தை இறக்கி, மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். அப்படியானால் வெறும் `lens-3.jpg` எங்கோ இருக்க வேண்டும்.

அது எங்கே என்று காட்டிக்கொடுத்தது இன்னொரு நகல். அந்தப் புண்ணியவான் கட்டுரையை அப்படியே ஒட்டும்போது 'போன வாரம் எழுதியது போல' என்ற இடத்தில் இருந்த இணைப்பையும் சேர்த்தே ஒட்டியிருக்கிறார். அழுத்தினால் ஒரு சாதாரண வெள்ளைப் பக்கம், விளம்பரம் கிடையாது, ஒரே ஆள் எழுதுகிறார், முழுக்க லென்ஸ்கள்தான். `uploads/2015/08/lens-3.jpg` அங்கே நிற்கிறது, ஒரு வாலும் இல்லாமல். இணையப் பக்கங்களை அவ்வப்போது படியெடுத்துச் சேமிக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முதல் பதிவு செப்டம்பர் 2015. அது 'இந்தத் தேதிக்குள் இருந்தது' என்று மட்டும்தான் நிரூபிக்கும், அதற்கு முன் இல்லை என்று நிரூபிக்காது. இருந்தாலும் மற்ற எந்த நகலும் 2017-க்கு முன் அங்கே சிக்கவில்லை, பக்கத்துக் கட்டுரைகளின் எண்ணும் தேதியும் ஒழுங்காக ஏறிப் போகின்றன. எனக்கு இது போதும்.

இவ்வளவும் ஒரு இணைப்புக் கொடுக்க. தேடுபொறிக்கு 2015-லேயே இந்தப் பக்கம் தெரிந்திருக்கலாம், ஆனாலும் முதலிடத்தில் அட்மின் ஐயா. எவன் நேர்மையாகத் தேதி போட்டு எழுதினானோ அவன் பின்னால் நிற்க வேண்டும், எவன் ராசிபலனுக்கும் முடி உதிர்தலுக்கும் நடுவில் லென்ஸைச் சொருகினானோ அவன் முன்னால் நிற்பான்.

பெருமூச்சு விட்டு, அந்த வெள்ளைப் பக்கத்தின் அடிவரை உருட்டிப் போனேன், எழுதியவருக்கு ஒரு நன்றி போடலாம் என்று. அங்கே ஒரே ஒரு பின்னூட்டம்: 'சார், இதே கட்டுரையை நான் வேறொரு தளத்தில் 2013-லேயே பார்த்தேன். அடுத்தவர் உழைப்பை எடுத்துப் போடும்போது மூலத்துக்கு ஒரு நன்றியாவது சொல்லலாமே?'

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிரித்தேன். அந்த மனுஷன் அதற்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார், திருகு எண்ணோடு.